மூவறை வீட்டுக்கு எந்த ஸ்பீக்கர்? பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை ஓரமாக வைத்துவிட்டுப் பாருங்கள்

கடைக்குக் கிளம்பும் முன்னால் ஒரு கேள்விக்கு விடை வேண்டும். தொலைக்காட்சியில் பேசுவது புரியவில்லை என்பதற்காக ஸ்பீக்கர் தேடுகிறீர்களா, அல்லது சமைக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பாட்டுக் கேட்கவா? இரண்டுக்கும் ஒரே பொருளை வாங்கலாம் என்று கடைக்காரர் சொல்வார். வாங்கவும் முடியும். ஆனால் ஒன்றுக்குப் பொருத்தமானது மற்றதற்குப் பாதி அளவுக்குத்தான் உதவும்.

பாட்டுக்கு மட்டும் என்றால் கையில் எடுத்துச் செல்லும் புளூடூத் ஸ்பீக்கர் போதும். அதைப் பற்றிக் கடைசியில் கொஞ்சம் சொல்கிறேன். தொலைக்காட்சிக்கு என்றால், திரைக்குக் கீழே வைக்கும் நீளமான ஸ்பீக்கர் பெட்டியான சவுண்ட்பார்தான் வேண்டும். இன்றைய தட்டைத் திரைகளில் ஸ்பீக்கரை வைக்க இடமே இல்லை. சின்ன ஸ்பீக்கர்கள் கீழ்நோக்கியோ பின்நோக்கியோ இருக்கும். குரல் மேசையிலும் சுவரிலும் பட்டுத்தான் நம்மிடம் வந்து சேரும். அதனால்தான் சண்டைக் காட்சியில் காது அடைக்கிறது, அடுத்த வசனம் மட்டும் விளங்குவதில்லை. சவுண்ட்பார் செய்யும் முதல் உதவி சத்தத்தைக் கூட்டுவது அல்ல, ஸ்பீக்கரை உங்கள் முகத்துக்கு நேரே திருப்புவது.

இங்கே பலருக்கும் பொருந்தும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். யீஷூனில் ஒரு மூவறை வீவக வீடு, வாடகைக்கு இருக்கிறார்கள். கணவன், மனைவி, ஒரு கைக்குழந்தை, ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டி. 43 அங்குலத் தொலைக்காட்சி அலமாரியின் மேல் நிற்கிறது. சோபாவுக்கும் திரைக்கும் இடையே இரண்டரை மீட்டர். கையில் 250 வெள்ளி. சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்க மாட்டார். குழந்தை தூங்கும்போது பாட்டிக்கு வசந்தம் தொடர் கேட்க வேண்டும். ஆக, குறைந்த ஒலியில் தெளிவு. இவர்களுக்குத் தேவை அதுதான்.

வீட்டிலேயே அளக்க வேண்டியவை

அளவு நாடாவை எடுங்கள். தொலைக்காட்சி நிற்கும் மேசைப் பரப்பிலிருந்து திரையின் கீழ் விளிம்பு வரை எவ்வளவு உயரம் என்று பாருங்கள். இந்த இடைவெளி 6 சென்டிமீட்டர், வாங்கிவந்த சவுண்ட்பார் 7 சென்டிமீட்டர் என்றால், படத்தின் அடிப்பகுதி மறையும். அதைவிடத் தொந்தரவானது, ரிமோட்டின் சிக்னலைப் பிடிக்கும் சின்னக் கண் பெரும்பாலும் அந்தக் கீழ் விளிம்பில்தான் இருக்கிறது. அது மறைந்தால் ரிமோட்டை உயர்த்திப் பிடித்து அழுத்தும் வேலை தினமும் இருக்கும்.

அடுத்து கால்கள். 43 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 96 சென்டிமீட்டர். இரண்டு ஓரத்திலும் கால்கள் இருந்தால், அவற்றுக்கு நடுவே எவ்வளவு இடம் என்பதுதான் உங்கள் சவுண்ட்பாரின் அதிகபட்ச நீளம். நம் வீட்டில் அது 82 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 90 சென்டிமீட்டர் பொருள் எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும் வேண்டாம். கால்களுக்கு முன்னால் வைத்துக்கொள்ளலாமே என்றால், அலமாரிக்கு அந்த ஆழம் இருக்கிறதா என்று அதையும் அளக்க வேண்டும்.

கடைசியாக, தொலைக்காட்சியின் பின்பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் துளையின் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது படத்தில் தெளிவாகத் தெரிய வேண்டும். கடையில் நின்றுகொண்டு "எங்க வீட்டு டிவில அது இருக்கான்னு தெரியலையே" என்று முழிக்காமல் இருக்க இதுதான் வழி.

வாட் கணக்கு

இப்போது அட்டைப்பெட்டிகளுக்கு வருவோம். ஒன்றில் 320 வாட் என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. பக்கத்தில் உள்ளதில் 60 வாட். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். முதலாவது ஐந்து மடங்கு சத்தம் தரும் என்று தோன்றும். தராது.

முதல் காரணம், நம் காது வாட்டை அப்படிக் கணக்கிடுவதில்லை. வாட்டை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல்தான் கூடும். 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்று தோன்றும் அளவுக்குத்தான். சத்தம் இரண்டு மடங்கு ஆனது போலக் கேட்க ஏறத்தாழ பத்து மடங்கு வாட் வேண்டும்.

இரண்டாவது, சின்ன அறைக்கு எவ்வளவு குறைவாகத் தேவை என்பது. சாதாரண சின்ன ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 82 டெசிபெல் ஒலி தரும் என்று வையுங்கள். இரண்டரை மீட்டர் தள்ளியிருக்கும் சோபாவுக்கு அது வரும்போது 75 அளவுக்கு இறங்கியிருக்கும். வீட்டில் நாம் வசனம் கேட்கும் அளவு 60 முதல் 65. அதாவது, பேச்சுக்கு ஒரு வாட்டில் பத்தில் ஒரு பங்கே போதும்! படத்தில் திடீரென்று வரும் பெரிய சத்தத்துக்கு வசனத்தைவிட 20 டெசிபெல் கூடுதலாக இடம் விட்டால் 85 ஆகும். அதற்கு 10 வாட். அடித்தொனிக்கு, அதாவது பேஸுக்கு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதால் 30 முதல் 60 வாட் வரை உண்மையாக இருந்தால் மூவறை வீட்டு வரவேற்பறைக்குத் தாராளம். அதற்கு மேல் வாங்குவதை யாருக்காக வாங்குகிறோம் என்றால், கீழ்வீட்டுக்காரருக்காகத்தான்.

"உண்மையாக இருந்தால்" என்றேனே, அதுதான் மூன்றாவது விஷயம். 320 என்ற எண் எப்படி வந்தது? கண் இமைக்கும் நேரத்துக்கு வரும் உச்சத்தை எல்லா ஸ்பீக்கருக்கும் கூட்டிப் போட்டிருப்பார்கள். பெட்டியில் பீக், பிஎம்பிஓ என்று இருந்தால் அந்த எண்ணைப் படிக்கவே வேண்டாம். தொடர்ச்சியாகத் தரும் திறனைக் குறிக்கும் ஆர்எம்எஸ் என்று இருந்தால் ஓரளவு நம்பலாம். அதிலும், எத்தனை சதவீதச் சிதைவில் அளந்தது என்று பாருங்கள். 10 சதவீதச் சிதைவில் அளந்தால் எண் பெரிதாக வரும். அந்த அளவுக்கு ஒலியை ஏற்றினால் குரல் கரகரக்கும். 1 சதவீதத்தில் அளந்த 40 வாட், 10 சதவீதத்தில் அளந்த 50 வாட்டுக்குக் குறைந்தது இல்லை.

எதுவுமே எழுதாவிட்டால்? அடாப்டரைப் பாருங்கள். சவுண்ட்பாரோடு வரும் கறுப்பு அடாப்டரில், அவுட்புட் என்ற வரியில் வோல்ட்டும் ஆம்பியரும் இருக்கும். இரண்டையும் பெருக்குங்கள். நம் 320 வாட் பொருளின் அடாப்டரில் 18 வோல்ட், 2 ஆம்பியர் என்று இருக்கிறது. 36 வாட். உள்ளே போவது 36 என்றால் தொடர்ச்சியாக வெளியே வருவது அதற்குக் கீழேதான். நொடியில் ஒரு சிறு பங்கு நேரத்துக்கு வேண்டுமானால் எகிறலாம். 60 வாட் பொருளின் அடாப்டரில் 24 வோல்ட், 3 ஆம்பியர், அதாவது 72. இது சொன்னதைச் செய்யும். பெட்டியைப் பிரிக்கவிடாத கடையில், காட்சிக்கு வைத்திருக்கும் பொருளின் அடாப்டரைப் பார்க்கலாம். நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்கும் கையேட்டிலும் இந்த எண்கள் இருக்கும்.

இந்தக் கணக்குக்கு ஒரு எல்லை உண்டு. சில சவுண்ட்பார்களில் அடாப்டர் வெளியே இருக்காது. மின்கம்பி நேராக உள்ளே போகும். அவற்றின் பின்னால் ஒட்டியிருக்கும் 'மின் பயன்பாடு' என்ற எண், முழு ஒலியில் அளந்தது அல்ல, சாதாரணப் பயன்பாட்டில் அளந்தது. அதை வைத்து 'இவ்வளவுதான் திறன்' என்று தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அப்படிப்பட்டவற்றுக்குக் கையேட்டில் உள்ள ஆர்எம்எஸ் எண்தான் கதி.

எதன் வழியாக இணைப்பது

வாட்டைவிட இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள் என்பது என் எண்ணம். வாட் குறைந்தால் கொஞ்சம் சத்தம் குறையும், அவ்வளவுதான். இணைப்பு தவறினால் தினமும் எரிச்சல்.

நீங்கள் எடுத்த படத்தில் எச்டிஎம்ஐ துளைகளைப் பாருங்கள். இரண்டு அல்லது மூன்று இருக்கும். அவற்றில் ஒன்றின் பக்கத்தில் மட்டும் ஏஆர்சி என்றோ இஏஆர்சி என்றோ எழுதியிருக்கும். மற்ற துளைகள் படத்தையும் ஒலியையும் உள்ளே வாங்க மட்டுமே. இந்த ஒன்றுதான் ஒலியை வெளியேயும் அனுப்பும். சவுண்ட்பாரிலும் அதே பெயருள்ள துளை இருக்க வேண்டும். இருந்தால் ஒரே கம்பியில் வேலை முடிந்தது: தொலைக்காட்சியை அணைத்தால் சவுண்ட்பாரும் அணையும், தொலைக்காட்சி ரிமோட்டிலேயே ஒலியைக் கூட்டலாம் குறைக்கலாம். பாட்டிக்கு இரண்டு ரிமோட் கொடுத்துப் பாருங்கள், இதன் அருமை தெரியும்.

இஏஆர்சி என்பது புதிய, அகலமான வழி. புளூரே வட்டில் வரும் அழுத்தப்படாத ஒலிக்கு அது தேவை. நெட்ஃபிளிக்ஸ், வசந்தம், மீவாட்ச் பார்க்கும் வீட்டுக்குச் சாதாரண ஏஆர்சி போதும். அதற்காகக் கூடுதலாகச் செலவழிக்காதீர்கள்.

ஏஆர்சி இல்லாத பழைய தொலைக்காட்சி என்றால் ஆப்டிகல் துளை இருக்கும், சின்னச் சதுரமாக, சில சமயம் உள்ளே சிவப்பு வெளிச்சத்தோடு. ஒலித்தரம் குறையாது. ஆனால் தொலைக்காட்சி ரிமோட்டின் கட்டளை இதன் வழியாகப் போகாது. சவுண்ட்பாரின் ரிமோட் தனியாக வேண்டும். இன்னொன்று, ஆப்டிகலில் இணைக்கும்போது தொலைக்காட்சியின் சொந்த ஸ்பீக்கரும் சில நேரம் சேர்ந்தே பேசும். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல எதிரொலி கேட்டால், ஒலி அமைப்பில் போய்த் தொலைக்காட்சி ஸ்பீக்கரை அணைத்துவிடுங்கள்.

புளூடூத்? தொலைக்காட்சிக்குக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். புளூடூத்தில் ஒலி பொதியாகக் கட்டப்பட்டு, அனுப்பப்பட்டு, பிரிக்கப்பட்டு வரும். அதற்கு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம் ஆகலாம். வாய் முதலில் அசையும், சொல் பிறகு வரும். கடையில் கைபேசியில் யூடியூப் போட்டுக் காட்டும்போது இது தெரியாது, ஏனென்றால் கைபேசிச் செயலி தாமதத்தைக் கணக்கிட்டு, படத்தையும் சேர்த்து நிறுத்தி அனுப்புகிறது. எல்லாத் தொலைக்காட்சியும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே கைபேசியில் சரியாக இருந்தது என்பதை வைத்துத் தொலைக்காட்சிக்கும் சரியாக இருக்கும் என்று முடிவு செய்யாதீர்கள். விலை குறைந்த தொலைக்காட்சிகள் சிலவற்றில் புளூடூத்தில் ஒலியை வெளியே அனுப்பும் வசதியே கிடையாது. பெட்டியில் புளூடூத் 5.3 என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அந்த எண்ணுக்கும் ஒலித்தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை.

பாட்டுக்குப் புளூடூத் நன்றாகவே வேலை செய்யும். வீட்டின் பாதுகாப்பு அறைக்குள், நாம் பாம் ஷெல்டர் என்கிறோமே, அதற்குள் கைபேசியோடு போனால் மட்டும் பாட்டு விட்டுவிட்டு வரும். அந்தத் தடித்த கான்கிரீட் சுவரையும் இரும்புக் கதவையும் தாண்டும் திறன் இந்தச் சின்னச் சிக்னலுக்கு இல்லை. ஸ்பீக்கரில் கோளாறு என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போகாதீர்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

பெட்டியில் 2.0, 2.1, 3.1 என்று எண்கள் இருக்கும். புள்ளிக்கு முன்னால் உள்ளது முன்பக்க ஒலி வழிகள், பின்னால் உள்ளது பேஸுக்கான சப்வூஃபர். 2.0-வில் இடது, வலது மட்டும். நடுவில் உட்கார்ந்தால் குரல் திரையின் நடுவிலிருந்து வருவதாகவே கேட்கும். 3.1-ல் குரலுக்கென்று நடுவே தனி ஸ்பீக்கர் இருக்கிறது. ஓரத்து நாற்காலியில் உட்காரும் பாட்டிக்கு உதவுவது அதுதான். பணம் இடம் கொடுத்தால் நான் 3.1-ஐத்தான் சொல்வேன். 250 வெள்ளிக்குள் அது கிடைக்காவிட்டால், குரலைத் தூக்கிக் காட்டும் பொத்தான் ரிமோட்டில் உள்ள 2.0 அல்லது, சப்வூஃபர் உள்ளேயே அமைந்த 2.1 போதும்.

தனி சப்வூஃபரைப் பற்றி யோசித்துச் செய்யுங்கள். ஐந்து சென்டிமீட்டர் அகல ஸ்பீக்கரால் ஆழமான பேஸைக் கொடுக்க முடியாது என்பது உண்மை. அதற்குத்தான் அந்தத் தனிப்பெட்டி. ஆனால் அது நிற்பது நம் தரை, அதுவே கீழ்வீட்டின் கூரை. பேச்சைச் சுவர் தடுத்துவிடும், தாழ்ந்த அதிர்வு கான்கிரீட்டுக்குள் புகுந்து போய்விடும். மேலே நமக்குச் சாதாரணமாகக் கேட்பது கீழே 'தும் தும்' என்று தனியாகக் கேட்கும். இரவு நேரத்தில் அமைதி காக்கும்படி வீவக கேட்டுக்கொள்கிறது. அந்த நேரத்தில்தான் நாம் வேலை முடித்து வந்து படம் போடுகிறோம். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் அடியில் கெட்டியான ரப்பர் அல்லது ஃபோம் பலகை வையுங்கள், மூலையிலிருந்து தள்ளி வையுங்கள் (மூலையில் பேஸ் பெருகும்), பேஸைத் தனியாகக் குறைக்கும் பொத்தான் இருக்கிறதா பாருங்கள். அது இல்லாத பொருளை வீவக வீட்டுக்கு வாங்கவே வேண்டாம்.

நம் யீஷூன் வீட்டுக்கு ரிமோட்டில் இருக்க வேண்டிய இன்னொரு பொத்தான், இரவு முறை. அது பெரிய சத்தத்தை அமுக்கி, மெல்லிய சத்தத்தை உயர்த்தும். குண்டு வெடிக்கும்போது ஒலியைக் குறைத்து, வசனம் வரும்போது கூட்டிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை.

உடலைப் பொறுத்தவரை அதிகம் குழம்ப வேண்டாம். விரல் முட்டியால் மேலே தட்டுங்கள். காலி டப்பா போல ஒலித்தால், பேஸ் வரும்போது அதுவும் சேர்ந்து நடுங்கும். துணி போர்த்திய முகப்பு அழகாக இருக்கும், ஆனால் சமையல் இடமும் வரவேற்பறையும் ஒன்றாக உள்ள வீட்டில் தாளிக்கும் எண்ணெய்ப் புகை அதில் படியும். உலோக வலை துடைக்க எளிது.

கடையில்

சிம் லிம் சதுக்கமோ, தேக்கா பக்கம் முஸ்தபாவோ, பேட்டையில் உள்ள மின்சாதனக் கடையோ, எல்லா இடத்திலும் உரக்கப் பாட்டுப் போட்டுத்தான் காட்டுவார்கள். உரக்க வைத்தால் எல்லாமே நன்றாக இருப்பதாகத் தோன்றும். நீங்கள் கேளுங்கள்: செய்தி வாசிப்பை வையுங்கள், ஒலியை மிகவும் குறையுங்கள். இரண்டு மூன்று அடி தள்ளி நில்லுங்கள். சொல் சொல்லாக விளங்குகிறதா? பிறகு ஓரமாக நகர்ந்து கேளுங்கள். அதன் பிறகு முக்கால் அளவுக்கு ஏற்றி, குரல் கரகரக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் சேர்ந்தே சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா என்று கேளுங்கள். எக்ஸ்போர்ட் செட் சில வெள்ளி மலிவாக இருக்கும், ஆனால் உத்தரவாதம் நிறுவனத்துடையதாக இல்லாமல் கடையுடையதாக இருக்கலாம். கடை இருக்கும் வரைதான் அது. அடாப்டரில் இங்குள்ள மூன்று முள் பிளக்கும், பாதுகாப்பு முத்திரையும் இருக்கின்றனவா பாருங்கள். இணையத்தில் வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைத்தால் இவை பெரும்பாலும் இருக்காது. ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்: இங்கே ஒரு வணிகரிடம் வாங்கிய பொருளில் ஆறு மாதத்துக்குள் கோளாறு தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்ட வேண்டியது கடைக்காரர் பொறுப்பு. கரோசெல்லில் தனிநபரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்புக் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும்

ஏஆர்சி துளையில் சிங்டெல் அல்லது ஸ்டார்ஹப் பெட்டி ஏற்கெனவே சொருகியிருக்கும், பெரும்பாலும் அப்படித்தான். அதைப் பக்கத்துத் துளைக்கு மாற்றிவிட்டு, சவுண்ட்பாரை ஏஆர்சி துளையில் சொருகுங்கள். தொலைக்காட்சி அமைப்பில் ஒலி எங்கே போக வேண்டும் என்பதில் சவுண்ட்பாரைத் தேர்ந்தெடுங்கள். ரிமோட் வேலை செய்யாவிட்டால் எச்டிஎம்ஐ கட்டுப்பாடு அணைந்திருக்கும். சாம்சுங்கில் அதன் பெயர் Anynet+, எல்ஜியில் SIMPLINK, சோனியில் BRAVIA Sync. சொருகியும் சத்தமே வரவில்லை, அல்லது ஒரு செயலியில் வருகிறது இன்னொன்றில் வரவில்லை என்றால், சவுண்ட்பாருக்குப் புரியாத வடிவத்தில் ஒலி போகிறது என்று அர்த்தம். டிஜிட்டல் ஒலி வெளியீடு என்ற இடத்தில் Auto அல்லது Passthrough என்று இருப்பதை PCM என்று மாற்றுங்கள், வந்துவிடும்.

சரி, பாட்டுக்கு மட்டும் கையடக்க ஸ்பீக்கர் வாங்குகிறவர்களுக்கு. மேலே சொன்ன வாட் கணக்கு இதற்கும் பொருந்தும்; சமையலறைக்கு 10 வாட் போதும். பேட்டரி 20 மணி நேரம் வரும் என்று போட்டிருந்தால் அது மெல்லிய ஒலியில், உரக்க வைத்தால் பாதிகூட வராது. குளியலறையில் வைப்பதாக இருந்தால் ஐபிஎக்ஸ்7 அல்லது ஐபி67 பாருங்கள். ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் தாங்கும் என்று பொருள். கடல் நீருக்கு அந்த வாக்குறுதி இல்லை. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரைக்குக் கொண்டுபோனால், வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி, துளை முழுக்கக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

இன்னொன்று, அடுக்குமாடியில் மட்டும் நடப்பது. விலை மலிவான சில புளூடூத் பொருள்கள் எப்போதும் இணையத் தயாராகத் திறந்தே கிடக்கும், கடவு எண்ணும் கேட்காது. பக்கத்து வீட்டுப் பையன் தன் ஸ்பீக்கர் என்று நினைத்து உங்களுடையதில் இணைந்துவிடுவான். நடுராத்திரியில் அவன் பாட்டு உங்கள் வரவேற்பறையில் ஒலிக்கும். ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் புதிய கைபேசியை ஏற்கும் பொருளாகத் தேர்ந்தெடுங்கள். அப்படி இல்லாததை ஏற்கெனவே வாங்கியிருந்தால், படுக்கப் போகும்போது சவுண்ட்பார் என்றால் சுவர் சுவிட்சையும், பேட்டரி ஸ்பீக்கர் என்றால் அதையேயும் அணைத்துவிடுங்கள்.